மார்ச் 15 பொதுக்கூட்டத்தில் என்ன முடிவானது? (திருவிழாக் குழுவுக்கு)

வணக்கம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளே,

சங்கப் பதிவிலாகாவுக்குப் போகிற கூட்டக் குறிப்பு ஆறு பக்கம். "முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். கோயில் அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். இது நம் வேலைக்காக எழுதியது.

முதலில் தேர். "இரத ஊர்வல நேரநிர்ணயம் தொடர்பில் உறுப்பினர்களிடையே கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது" என்று குறிப்பு சொல்கிறது. வந்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்தில் பாதி நேரம் அதிலேயே போனது! இந்த வருஷம் சித்ரா பௌர்ணமி மே 1, வெள்ளிக்கிழமை. தேர் காலையில் கிளம்பினால் சுங்கை சிப்புட் டவுனைச் சுற்றித் திரும்புவதற்குள் வெள்ளித் தொழுகை நேரம் வந்துவிடும். பள்ளிவாசல் பக்கம் ரோட்டின் இரண்டு ஓரமும் கார் நிற்கும். காலைத் தேர்தான் வழக்கம் என்று பெரியவர்கள் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் இந்த ஒரு வருஷம் மட்டும் மாலை 6.30க்குக் கிளப்பலாம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். பால்குடம் காலை 8 மணிக்கு, 11க்குள் முடிக்கணும். 12.30 முதல் 2.30 வரை ஒலிபெருக்கி போடக் கூடாது. மேளக்காரர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கடிதம் செயலாளர் இந்த வாரமே கொடுக்கிறார்.

அன்னதானம் 800 பேருக்கு. தொழிலாளர் தின லீவு, கோலாலம்பூரிலும் ஜோகூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். சமையல் பொறுப்பு போன வருஷம் பார்த்த அக்காவுக்கே. காய் நறுக்க முதல் நாள் ராத்திரி ஆள் வேண்டும், ஆண்களும் வரலாம்.

தண்ணீர் விஷயத்தில் "மாற்று ஏற்பாடு குறித்து ஆராயப்படும்" என்று மட்டும் இருக்கிறது, யார் பெயரும் இல்லை. அப்படியே விட்டால் அன்றைக்கு அண்டா கழுவக்கூடத் தண்ணீர் இருக்காது. கூட்டம் முடிந்ததும் இளைஞர் பிரிவுத் தலைவரிடம் கேட்டேன், இரண்டு தொட்டி ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டார். தோட்டத்து லோரி தர மானேஜர் சரி சொல்லிவிட்டார்; டிரைவரை நாம்தான் பார்க்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்.

கையிருப்பு 2,180 ரிங்கிட். பந்தலுக்கே சரியாகப் போய்விடும், அதனால் வசூல் புத்தகம் வாங்கியவர்கள் கொஞ்சம் வேகம் காட்டுங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவின் eROSES இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அதாவது மே 14க்குள். திருவிழா முடிந்த களைப்பில் யாரும் உட்கார்ந்து செய்யப் போவதில்லை. அதனால் போன வருஷக் கணக்கை ஏப்ரலிலேயே முடித்துத் தருவதாகப் பொருளாளர் சொல்லியிருக்கிறார். பழைய பில் யாரிடமாவது தங்கியிருந்தால் உடனே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் 19, ஞாயிறு மாலை 4 மணி, கோயில் மண்டபம். வசூல் புத்தகத்தை, ஒரு ரசீதுகூடக் கிழிக்கவில்லை என்றாலும், கொண்டு வாருங்கள்.

துணைச் செயலாளர்