வண்டன்மேடு ஏலக்காய்க் கிடங்குக் கணக்கர் வேலை: பின்னணிச் சரிபார்ப்பு அறிவிப்பும் ஒப்புதல் படிவமும்

நேர்காணலில் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பணி நியமனக் கடிதம் தருவதற்கு முன் சில விவரங்களைச் சரிபார்க்க விரும்புகிறோம். எவற்றை, யாரிடம், எதற்காகக் கேட்போம் என்பது கீழே இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள், வீட்டுக்கு எடுத்துச் சென்று வீட்டாரிடமும் கேளுங்கள். பதில் சொல்ல ஏழு நாட்கள் இருக்கின்றன. இதே அறிவிப்பு மலையாளத்திலும் உண்டு. இடுக்கியில் படித்தவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வேலையில் கிடங்கின் சாவியும் விவசாயிகளுக்குக் கொடுக்கும் பணமும் உங்கள் கையில் இருக்கும். ஒரு பருவத்தின் காயை எங்களை நம்பி இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். சரிபார்ப்புக்கு அதுவே காரணம். அந்தக் காரணத்துக்குத் தொடர்பில்லாத எதையும் கேட்க மாட்டோம்.

கேட்கப்போகும் நான்கு விவரங்கள்

அடையாளம்: வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆதார் கட்டாயமில்லை. அதையே காட்ட விரும்பினால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். முழு எண் உள்ள நகலை வாங்க மாட்டோம்.

கல்வி: பட்டச் சான்று உண்மையானதா என்பதை மட்டும் பல்கலைக்கழகத்திடம் கேட்போம். மதிப்பெண்களைப் பற்றிக் கேட்க மாட்டோம். எல்லையோரத்தில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கேரளச் சான்றிதழ்களில் பலருக்கு வீட்டுப் பெயர் முதலெழுத்தாக இருக்கும். தமிழ்நாட்டு அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகப் பெயர் இருப்பதைப் பொய் என்று கருத மாட்டோம். இரண்டும் உங்களுடையவை என்று நீங்கள் எழுதித் தந்தால் போதும்.

முந்தைய வேலை: கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் வேலை பார்த்த இடங்களில் அதிகபட்சம் இரண்டிடம் பேசுவோம். அவர்களிடம் கேட்பது மூன்றே கேள்விகள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தார், என்ன பொறுப்பு வகித்தார், விலகும்போது கணக்கை ஒப்படைத்தாரா. சம்பளம், விடுப்பு, நோய், தொழிற்சங்கம் பற்றிய பேச்சு வராது. அவர்களாகச் சொன்னாலும் குறித்துக்கொள்ள மாட்டோம்.

நீங்கள் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு எங்களிடமிருந்து அழைப்பு போகாது. போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். யார் எங்கே வேலை தேடுகிறார் என்ற செய்தி ஒரே நாளில் பரவி, கையில் இருக்கும் பிழைப்பும் போய்விடும். நியமனக் கடிதம் கொடுத்து, நீங்கள் ராஜினாமா செய்து, இனிப் பேசலாம் என்று நீங்களே எழுதிய பிறகுதான் அங்கே பேசுவோம்.

பல கடைகளில் வேலைக்குக் கடிதம் தரும் வழக்கமே இல்லை என்பது தெரியும். அப்படியானால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணிக்காலம் காட்டும் பக்கத்தை நீங்களே திறந்து காட்டுங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாருக்கும் சொல்ல வேண்டாம், எங்களுக்கும்தான். அந்தக் கணக்கும் இல்லாதவர்கள், தங்கள் வேலையை நேரில் அறிந்த இருவரைச் சொல்லலாம்.

காவல்துறைச் சான்று: இதற்கு நீங்களே விண்ணப்பித்து வாங்கித் தர வேண்டும். தமிழ்நாட்டு முகவரி என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும், கேரள முகவரி என்றால் கேரளக் காவல்துறையின் 'துணா' தளத்திலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் எங்களுடையது. திருட்டு, மோசடி, கையாடல், போலி ஆவணம் ஆகியவற்றில் கடந்த ஏழு ஆண்டுகளில் தண்டனை பெற்றிருந்தால் மட்டுமே அதைக் கருத்தில் கொள்வோம். தீர்ப்பு வராத வழக்கையோ, போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் போடப்பட்ட வழக்கையோ காரணமாக்க மாட்டோம். சிறுவயதில் நடந்தவை பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தரும் பாதுகாப்பை மதிக்கிறோம்.

செய்யவே மாட்டோம்

உங்கள் வீட்டுக்கோ லயத்துக்கோ ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிக்க மாட்டோம். வேலைக்காக விசாரிக்கிறோம் என்று சொன்னாலும், கேட்கிறவர் மனத்தில் சந்தேகம்தான் விழும். அந்தப் பேச்சைப் பிறகு யாராலும் திரும்பப் பெற முடியாது.

சாதி, மதம், திருமணம், கர்ப்பம் பற்றிக் கேட்க மாட்டோம். மருத்துவ அறிக்கை கேட்க மாட்டோம். வேலைக்கு எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் முகநூலையோ வாட்ஸ்அப்பையோ பார்க்க மாட்டோம். சிபில் மதிப்பெண்ணும் வேண்டாம். காய் விலை சரிந்தால் இந்த மலையில் கடன் படாத குடும்பம் குறைவு. கடன் இருப்பதால் ஒருவரின் நாணயத்தைச் சந்தேகிப்பது அநியாயம்.

யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம்

போடிநாயக்கனூர் தலைமை அலுவலகத்தில் பணியாளர் பிரிவு மேலாளரும் நிர்வாகப் பங்குதாரரும் மட்டுமே பார்ப்பார்கள். வெளி ஏஜென்சி கிடையாது. வண்டன்மேடு கிடங்குக்கு எந்தத் தாளும் போகாது. நாளை உங்களோடு வேலை செய்யப்போகிறவர்கள் உங்கள் பழைய கதையைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. வேலை அமையாவிட்டால், முடிவைச் சொன்ன 60 நாட்களுக்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுக்குத் தெரிவிப்போம். வேலையில் சேர்ந்தால் சரிபார்த்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு காவல்துறைச் சான்றைத் திருப்பித் தருவோம்.

ஏதாவது பொருந்தாமல் இருந்தால், முடிவெடுப்பதற்கு முன் அது என்ன, யார் சொன்னது என்று எழுத்தில் தெரிவிப்போம். விளக்கம் தரப் பத்து வேலை நாட்கள் உண்டு. அதுவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

மறுக்கலாம், திரும்பப் பெறலாம்

நான்கில் எதற்கும் தனியாக மறுப்புச் சொல்லலாம். காவல்துறைச் சான்றுக்கு மறுத்தால் சாவியும் பணமும் உள்ள இந்தப் பொறுப்பைத் தர இயலாது. எடை போடும் பிரிவில் இடம் இருந்தால் அதற்குப் பரிசீலிப்போம். மற்றவற்றுக்கு மறுத்தால் வேறு ஆதாரம் என்ன தரலாம் என்று உங்களோடு பேசுவோம். கொடுத்த ஒப்புதலை எந்த நாளிலும் ஒரு வரியில் எழுதித் திரும்பப் பெறலாம். காரணம் சொல்ல வேண்டாம். அந்த நிமிடமே விசாரணை நிற்கும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அவகாசம் தரப்பட்டிருந்தாலும், நாங்கள் இப்போதே அவற்றைப் பின்பற்றுகிறோம். உங்களைப் பற்றி வைத்திருப்பதைப் பார்க்கவும், பிழை திருத்தவும், அழிக்கவும் மேலாளரிடம் கேளுங்கள். 15 நாட்களில் பதில் வரும். அது திருப்தி தராவிட்டால், அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வந்ததும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம். அதற்காக உங்களை எவ்விதத்திலும் பாதிக்க மாட்டோம்.

ஒப்புதல்

கீழே கையொப்பமிடும் நான், மேலே உள்ள அறிவிப்பை எனக்குப் புரியும் மொழியில் படித்தேன். கேட்க நினைத்ததைக் கேட்டுத் தெளிந்தேன். அடையாளம், கல்வி, முந்தைய வேலை, காவல்துறைச் சான்று என்ற நான்கில் எதன் எதிரே என் கையால் 'சம்மதம்' என்று எழுதியிருக்கிறேனோ, அதை மட்டும் இந்தக் கணக்கர் வேலைக்காகச் சரிபார்க்க அனுமதிக்கிறேன். எழுதாமல் விட்டதை மறுப்பாகவே கொள்ள வேண்டும். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தைத் தொடர்புகொள்ள இந்தக் கையொப்பம் அனுமதி ஆகாது. என் விவரங்களை வேறு எந்த வேலைக்கும் வேறு எவருக்கும் பயன்படுத்தக் கூடாது. இந்த ஒப்புதல் இன்றிலிருந்து 45 நாட்கள் மட்டுமே செல்லும்.

மேலாளரும் கையொப்பமிட்ட இதன் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொண்டேன்.