டவுன்ஹாலில் ஆபரேஷன்ஸ் டைரக்டரை அழைக்க ஒரு ட்ரெய்னியின் அறிமுக உரை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் டையிங் அண்ணன்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் லேப்பில் ட்ரெய்னி. நம் ஆபரேஷன்ஸ் டைரக்டரை மேடைக்கு அழைக்கும் வாய்ப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாரை உங்களில் பலருக்கு என்னைவிட ரொம்ப நாளாகத் தெரியும். அதனால் அவர் படிப்பையும் பதவிகளையும் வாசிக்கவில்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மெரூன் ஷேட் வந்தது. பகல் வெளிச்சத்தில் லேப் டிப் ஸ்டாண்டர்டோடு அப்படியே ஒட்டி நின்றது. பையர் கேட்டிருந்ததோ கடை வெளிச்சமான டி.எல். 84. அந்த விளக்கைப் போட்டால் துணி பழுப்படித்தது. ரவுண்ட்ஸ் வந்த சார் லைட் பாக்ஸ் முன்னால் நின்று, "உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?" என்று என்னைக் கேட்டார். கேட்டதோடு போய்விடவில்லை, நான் வாயைத் திறக்கும்வரை நின்றார். "கடை லைட்ல பழுப்படிக்குதுங்க சார்" என்றேன். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு அவரே பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, பல்க் லாட்டை மெஷினில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஷிப்மென்ட் தேதி கழுத்தை நெரித்த நேரம் அது. சாயக் கலவையை மாற்றி மறுபடி டிப் போட்டோம். அப்ரூவல் வந்ததும் பையருக்குப் போன பதிலில் என் பெயரையும் எழுதியிருந்தார். அம்மாவிடம் அந்த மெயிலைக் காட்டினேன்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இங்கே பல பேர் நேரில் பட்டவர்கள். அப்போது சார் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் நின்ற அந்த நாட்களில்தான் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் வேலையெல்லாம் அவர் கற்றுக்கொண்டாராம். இன்றைக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் மக்கர் செய்தால் அண்ணன்கள் நேராக அவருக்குத்தான் போன் போடுகிறார்கள்.

இன்று இரண்டு விஷயம் பேசப்போகிறார். கழிவுநீரிலிருந்து மீட்ட உப்புக் கரைசலை டார்க் ஷேடுகளுக்குக் கூடுதலாகப் பயன்படுத்துவது ஒன்று. எங்கள் லேப்புக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. மற்றொன்று, எல்லாரும் காத்திருக்கும் ஷிப்ட் நேர மாற்றம். பஸ் நேரத்தைப் பற்றிச் செக்கிங் அக்காக்கள் என்னிடம் சொன்னதை அவரிடமே கேளுங்கள். மைக்கில் பேசக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் போட வேண்டியதில்லை. நான் வாசிக்கிறேன்.

சார், வாங்க.