கடைமடைக்காரி

(கும்மி மெட்டு, கைத்தட்டு போதும். நடுவில் நான் அழுதுவிட்டால் யாராவது எடுத்துப் பாடுங்கள்.)

பல்லவி
போய்வாடி கடைமடைக்காரி, போய்ப் படித்து வாடி,
கோரையாற்றுத் தண்ணீர் போல லேட்டானாலும் வந்து சேரடி!

சரணம் 1
ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் முக்கொம்பு தாண்டி, கல்லணை தாண்டி,
வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தில் மூன்றாய்ப் பிரிந்து
மிச்சம் மீதி நம் வாய்க்காலைத் தொடுவதற்குள்
நாற்றங்கால் பாளம் பாளமாய் வெடித்திருக்கும்,
அப்போதும் உங்க அப்பா மதகில் குந்தி “வருது பாரு” என்பார்.
தண்ணிக்குக் காத்தே வளர்ந்தவளே,
தண்ணியைப் படிக்க நெதர்லாந்து டெல்ஃப்ட்டுக்குப் போகிறாய்!
(“டெல்டாவா? அது நம்ம ஊருதானே” என்கிறார் அப்பாயி.)

போய்வாடி கடைமடைக்காரி...

சரணம் 2
அங்கேயும் ஆறு கடலில் விழுமாம், அங்கேயும் கரையாம், மதகாம்,
வயல் கீழே கிடக்க, கடல் மேலே நிற்குமாம்!
கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை,
கீழ்வீடு எடுக்காதே, மாடி வீடாய்ப் பார், சரியா?
2018ல் கஜா அடித்து விடிந்த காலையில்
விழுந்த தென்னையை எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்தாயே,
இவள் எங்கேயோ கிளம்பப்போகிறாள் என்று அன்றைக்கே எனக்குத் தட்டியது.

சரணம் 3
டிசம்பரில் அங்கே நாலரைக்கே இருட்டுமாம்,
இங்கே மணி ஒன்பது, நான் பாய் விரித்திருப்பேன்,
பேசணும் போலிருந்தால் எழுப்பு,
“தூங்குவாளே” என்று யோசித்தாயோ, உதைப்பேன்!
அம்மாவிடம் “நல்லா இருக்கேன்” என்று சொல், என்னிடம் உள்ளதைச் சொல்.
வங்கிக் கடனையும் அடகில் கிடக்கும் வளையலையும் நினைத்து
ஒருவேளைச் சோற்றைக் குறைக்காதே,
புளிக்காய்ச்சல் ரெண்டு டப்பா இருக்கிறது, பெட்டியில் துணிக்கு நடுவே.
சைக்கிள்தான் அங்கே எல்லாருக்குமாம்,
ஆற்றங்கரையில் நீ விழாத இடம் எது, மெதுவாய்ப் போடி!

போய்வாடி கடைமடைக்காரி...

சரணம் 4 (கைத்தட்டு வேண்டாம்)
எல்லா வருஷமும் தண்ணீர் கடைமடைக்கு வருவதில்லை,
பாதி வழியில் நின்றுபோன வருஷமும் உண்டு, உனக்குத் தெரியாததா.
வேலை கிடைத்தால் இரு, நாலு வருஷம் இரு, தப்பில்லை,
அப்படியே தங்கிவிட்டால்...
சரி, அதை இன்றைக்குப் பாடவேண்டாம்.
அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு உன் பங்கு காதோலை கருகமணியும் நானே ஆற்றில் விடுகிறேன்,
உன் பங்கு சித்திரான்னத்தையும் நானே தின்கிறேன்.

(மறுபடி கைத்தட்டு, வேகமாக)
போய்வாடி கடைமடைக்காரி, வேன் வந்து ஹாரன் அடிக்குது,
திருச்சி ஏர்போர்ட் போய்ச் சேர இருட்டிவிடும், எழுந்திரு,
பாஸ்போர்ட் எடுத்தாயா? காட்டு.
எங்கே, இன்னொரு தரம் காட்டு!