தடுப்பூசி விலக்குக்கான மருத்துவச் சான்றுக் கடிதம்

மதுரை
14.03.2025

அனுப்புநர்:
மரு. இரா. அருணாசலம், எம்.டி., டி.எம்.
சிறுநீரக நோய் சிறப்பு மருத்துவர், மதுரை

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்
நகல்: தொற்றுத் தடுப்புக் குழு, மனிதவள அலுவலர், செவிலியர் கண்காணிப்பாளர்

பொருள்: தங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர் திருமதி சி. செல்வராணி (வயது 34) – எம்எம்ஆர், சின்னம்மை ஆகிய இரண்டு தடுப்பூசிகளிலிருந்து மருத்துவக் காரணத்தால் விலக்கு.

பார்வை: 1. ஊழியர் தடுப்பூசி குறித்த தங்கள் சுற்றறிக்கை, நாள் 20.02.2025. 2. என் மருத்துவச் சான்று, நாள் 27.02.2025. 3. அதைத் திருப்பி அனுப்பிய தங்கள் குறிப்பு, நாள் 10.03.2025.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். "காரணம் போதுமானதாக இல்லை" என்று அது திரும்பி வந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. 'ஊசி வேண்டாம்' என்று யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிற சீட்டுகள் நிறைய உலவுகின்றன. என் சீட்டும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன். செல்வராணியும் அவருடைய வார்டு பொறுப்புச் செவிலியரும் மருத்துவர் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

நோயின் பெயரை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், மூணு வருஷமா மாத்திரை டப்பாவோடதானே டியூட்டிக்குப் போறேன்" என்றார். எழுத்திலும் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இந்தக் கடிதம் மேலே சொன்னவர்களைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்புப் பலகையிலோ வார்டு வாட்ஸ்அப் குழுவிலோ இது வரக் கூடாது.

திருமதி செல்வராணி 2022 ஜூனிலிருந்து என் சிகிச்சையில் இருக்கிறார். முதல் நாள் வந்தபோது கால் வீங்கிச் செருப்பின் வார் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. சிறுநீர் நுரைத்துப் போகிறது என்றார். ஒரு நாள் சிறுநீரில் 3.8 கிராம் புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது. சிறுநீரகத் திசுப் பரிசோதனையில் லூபஸ் நெஃப்ரைட்டிஸ், நான்காம் வகை என்று உறுதியானது. உடலின் எதிர்ப்பு ஆற்றலே தன் சிறுநீரகத்தைத் தாக்குகிற நோய் இது. அடக்காமல் விட்டால் டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்தும். தற்போது அவர் எடுத்துக்கொள்ளும் மருந்துகள்: மைக்கோஃபீனோலேட் ஒரு கிராம் காலையிலும் ஒரு கிராம் இரவிலும், பிரெட்னிசலோன் 7.5 மில்லிகிராம், ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம். புரதம் இப்போது 0.4 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. கிரியாட்டினின் சரியான அளவில் இருக்கிறது.

இந்த மூன்றில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் தடுப்பூசிக்குத் தடையே அல்ல. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் இந்த அளவில் தடையாகாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரமும் அதற்கு மேலும் கொடுத்தால்தான் அந்தக் கேள்வி எழும். ஆக, நான் விலக்குக் கேட்பது 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்' என்பதற்காக அல்ல, மைக்கோஃபீனோலேட்டுக்காக. வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெருகுவதையே அந்த மருந்து தடுக்கிறது. எம்எம்ஆரும் சின்னம்மைத் தடுப்பூசியும் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸால் ஆனவை. நல்ல எதிர்ப்பாற்றல் உள்ளவரின் உடலில் அந்த வைரஸ் கொஞ்சம் பெருகும், உடல் பாடம் கற்றுக்கொள்ளும், அதோடு முடிந்தது. இவர் உடலில் அதை அடக்க ஆள் இல்லை. ஊசியில் போன வைரஸே நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவி நோயாக மாறலாம். எதிர்ப்பாற்றல் ஒடுங்கியவர்களுக்கு இப்படி நேர்ந்து உயிரிழப்பு வரை போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு உயிருள்ள தடுப்பூசி கூடாது என்று தடுப்பூசிப் பெட்டியில் வருகிற தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். தங்கள் மருந்தகத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தாலே பார்க்கலாம்.

'மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் போட்டால் என்ன?' என்று தங்கள் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். இந்த மருந்தை நிறுத்தி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், ஊசி போட்ட பிறகும் குறைந்தது நான்கு வாரம் மருந்து தொடக் கூடாது. சின்னம்மைக்கு இரண்டு டோஸ் என்பதால் இன்னும் நீளும். ஐந்தாறு மாதம் மருந்தில்லாமல் இவர் சிறுநீரகம் தாங்குமா? விடை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 2024 ஆகஸ்டில் வயிற்று எரிச்சல் தாங்காமல் யாரிடமும் சொல்லாமல் இரவு மாத்திரையை மட்டும் விட்டுவிட்டார். ஆறே வாரத்தில் புரதம் 2.1 கிராமுக்கு ஏறியது. ஸ்டீராய்டைக் கூட்டி, அவரைத் திட்டி, பழைய நிலைக்குக் கொண்டுவர நான்கு மாதம் ஆயிற்று. பாதி மருந்தை விட்டதற்கே இப்படி.

இனி, தங்கள் குழுவுக்கு உண்மையில் பயன்படும் விஷயத்துக்கு வருகிறேன். 04.03.2025 அன்று இரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தோம். எம்எம்ஆர் தடுக்கும் தட்டம்மை, ரூபெல்லா, பொன்னுக்கு வீங்கி மூன்றுக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. சிறுவயதில் வந்துபோயிருக்க வேண்டும். அவர் அம்மாவும் மணல்வாரி வந்ததாகச் சொல்கிறார். ஆகவே எம்எம்ஆர் இல்லாததால் அவருக்கோ வார்டுக்கோ பெரிதாகக் குறைவில்லை. சின்னம்மைக்கு எதிர்ப்பொருள் இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். நம் ஊரில் சின்னம்மை வராமலே வளர்ந்த பெரியவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்களில் ஒருவர், அதுவும் இந்த மருந்தோடு, குழந்தைகள் வார்டில் பங்குனி, சித்திரை மாதங்களில் வேலை பார்க்கிறார். ஊசி போடக் கூடாது என்பதால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, அவரைக் காக்கும் பொறுப்பு வேறு வழிகளுக்குப் போகிறது.

அதற்காக நான் கேட்பது இவை. சின்னம்மை வந்த நோயாளி, அக்கி வந்த நோயாளி யாரையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். 'என்95 போட்டுக்கொண்டு போகட்டும்' என்பது சரிவராது. எதிர்ப்பாற்றல் உள்ள வேறு செவிலியரை அனுப்புவதுதான் முறை. அப்படியும் தெரியாமல் எதிர்ப்பட நேர்ந்தால், அதாவது பிற்பாடு சின்னம்மை என்று தெரியவந்த குழந்தையோடு ஒரே அறையில் கால்மணி நேரம் இருந்திருந்தாலோ, நேருக்கு நேர் நின்று மருந்து கொடுத்திருந்தாலோ, அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவும் என்பதால் முந்தைய இரண்டு நாள் டியூட்டிப் பட்டியலையும் பார்க்க வேண்டும். இம்யூனோகுளோபுலினா, ஏழாம் நாளிலிருந்து அசைக்ளோவிரா என்பதை நான் முடிவு செய்வேன். எதிர்ப்பட்ட எட்டாம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை அவர் நோயாளிகள் பக்கம் வரக் கூடாது. இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் 28-ஆம் நாள் வரை. அந்த நாட்களைச் சம்பளம் பிடிக்காத விடுப்பாகவோ அலுவலக வேலையாகவோ கருதும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் போகும் என்று தெரிந்தால் எந்த ஊழியரும் வாயைத் திறக்க மாட்டார்.

அவரைக் குழந்தைகள் பிரிவிலிருந்து மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பிரிவிலோ சிறுநீரகப் பிரிவிலோ இடம் இருந்தால், குறைந்தது இந்தக் கோடை முடியும்வரை, அது நல்லது. இதை அவரிடமும் பேசிவிட்டேன். குழந்தைகளை விட்டுப் போக மனசில்லை என்றாலும் சம்மதித்திருக்கிறார். ஒன்பது வருட அனுபவம் உள்ளவரை மாற்றும்போது பதவியோ படியோ குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊழியர்கள் சின்னம்மை ஊசி போட்டுக்கொள்வதால் இவருக்கு ஆபத்து என்று வார்டில் ஒரு பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையில் அவர்கள் போட்டுக்கொள்வதுதான் இவருக்குப் பாதுகாப்பு. ஊசிக்குப் பிறகு யாருக்காவது மேலில் கொப்புளம் கிளம்பினால் மட்டும் அது காயும்வரை இவரிடமிருந்து தள்ளி இருந்தால் போதும். வீட்டில் கணவருக்கும் மகளுக்கும் நானே சொல்லிப் போட வைத்திருக்கிறேன்.

இந்த விலக்கு எதற்குப் பொருந்தாது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி, டிடி, நிமோகாக்கல், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி எதிலிருந்தும் இவருக்கு விலக்கு இல்லை. இவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது. சொல்லப்போனால் மற்றவர்களைவிட இவருக்கு இவை அதிகம் தேவை. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் போட்டு எதிர்ப்பொருள் அளவும் பார்த்தாயிற்று. சென்ற செப்டம்பரில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார். 2021-இல் கோவிஷீல்டு இரண்டு டோஸும் தங்கள் மருத்துவமனையிலேயே போட்டிருக்கிறார். ஊசிக்குப் பயந்து சீட்டு கேட்டு வந்தவர் இல்லை இவர். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து மட்டும் வேண்டாம், அது உயிருள்ளது. அக்கிக்கு இப்போது கிடைக்கும் புதிய தடுப்பூசியைப் போடலாமே என்றும் கேட்கலாம். அதில் உயிருள்ள வைரஸ் இல்லைதான், ஆனால் அது சின்னம்மை வந்து போனவர்களுக்கு அக்கி வராமல் தடுக்க உருவானது. சின்னம்மை ஊசிக்கு மாற்றாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

ஆகவே, தங்கள் சுற்றறிக்கையில் கட்டாயமாக்கியுள்ள தடுப்பூசிகளில் எம்எம்ஆர், சின்னம்மை ஆகிய இரண்டு மட்டும் திருமதி சி. செல்வராணிக்கு மருத்துவ ரீதியாகக் கூடாதவை என்று சான்றளிக்கிறேன். மற்றபடி அவர் செவிலியர் பணி செய்ய முழுத் தகுதியுடன் இருக்கிறார். இந்தச் சான்று 13.03.2026 வரை செல்லும். இடையில் மருந்து மாறினால் நானே எழுதி அனுப்புகிறேன். மைக்கோஃபீனோலேட்டை என்றாவது முழுமையாக நிறுத்தி மூன்று மாதம் கடந்தால், அப்போது சின்னம்மை ஊசியைப் போடச் சொல்பவனும் நானாகத்தான் இருப்பேன்.

திசுப் பரிசோதனை அறிக்கை, 04.03.2025 எதிர்ப்பொருள் அறிக்கை, தடுப்பூசிப் பதிவேட்டின் நகல், அவருடைய ஒப்புதல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தொற்றுத் தடுப்புக் குழுவில் யாருக்கேனும் சந்தேகம் இருந்தால் செல்வராணியை மறுபடி என்னிடம் அனுப்ப வேண்டாம், என்னையே கூப்பிடுங்கள். மாலை 4 மணிக்கு மேல் புறநோயாளிகள் பிரிவில் இருப்பேன். தங்கள் முடிவை 20.03.2025-க்குள் எழுத்தில் தெரிவித்தால் நல்லது. 21-ஆம் தேதி அவருக்குக் குழந்தைகள் வார்டில் இரவு டியூட்டி போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
மரு. இரா. அருணாசலம்
சிறுநீரக நோய் சிறப்பு மருத்துவர்