குளுக்கோஸிலிருந்து ஏடிபி வரை: செவிலியப் பட்டப்படிப்பு முதலாமாண்டு உயிர்வேதியியல் பாடக்குறிப்பு

வார்டில் உங்களுக்கு முதலில் கற்றுத்தரப்படும் வேலைகளில் ஒன்று, நோயாளியின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி அதில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்வது. அந்த எண் இறங்கினால் ஏன் பதறுகிறோம் என்று கேட்டால், ஆக்சிஜன் இல்லாமல் உயிர் வாழ முடியாது என்ற விடை எல்லோரிடமும் தயாராக இருக்கும். ஆனால் ரத்தம் சுமந்து வந்த ஆக்சிஜன் செல்லுக்குள் சென்றபின் எந்த இடத்தில், எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். அந்த இடத்தைத் தெளிவாகக் காட்டுவதே இந்தக் குறிப்பின் நோக்கம்.

மூச்சு விடுவது வேறு, செல் சுவாசம் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். மூச்சு விடுதல் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும் வேலை. செல் சுவாசம் என்பது ஒவ்வொரு செல்லும் குளுக்கோஸைப் படிப்படியாகச் சிதைத்து, அதிலுள்ள ஆற்றலைத் தனக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வேதிவினைத் தொடர். முழுத் தொடரையும் ஒரே வரியில் இப்படி எழுதலாம்:

C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O + ஆற்றல்

இந்தச் சமன்பாடு உண்மைதான் என்றாலும், அதை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு ஒரு தவறான எண்ணம் ஏற்பட்டுவிடும். குளுக்கோஸின் கார்பனுடன் நாம் சுவாசித்த ஆக்சிஜன் நேராகச் சேர்ந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது என்று தோன்றும். செல்லில் நடப்பது அதுவல்ல. நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் இறுதியில் நீராக மாறுகிறது. கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் குளுக்கோஸிலிருந்தும், இடையில் வினைகளில் சேரும் நீர் மூலக்கூறுகளிலிருந்தும் வருகின்றன. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதிப் பாடம் எளிதாகிவிடும்.

ஏடிபி ஏன் தேவை?

ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஏறத்தாழ 686 கிலோகலோரி ஆற்றல் வெளிப்படும். அது மொத்தமாக ஒரே நொடியில் வெளிப்பட்டால் வெறும் வெப்பமாகவே போய்விடும். செல்லால் அதைக் கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது. தசை சுருங்கவும், சோடியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்ப் இயங்கவும், புரதம் உருவாகவும் சிறு சிறு அளவில், தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் கிடைக்கும் ஆற்றல் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மூலக்கூறுதான் அடினோசின் டிரை பாஸ்பேட் என்னும் ஏடிபி.

ஏடிபியில் எதிர்மின்னூட்டம் கொண்ட மூன்று பாஸ்பேட் தொகுதிகள் ஒன்றையொன்று விலக்கியபடி வரிசையாக நிற்கின்றன. நீருடன் வினைபுரிந்து கடைசிப் பாஸ்பேட் பிரியும்போது அந்த இறுக்கம் தளர்ந்து, முன்பைவிட நிலையான அடினோசின் டை பாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும் கிடைக்கின்றன. இந்த மாற்றத்தில் மோலுக்கு ஏறத்தாழ 7.3 கிலோகலோரி வெளிப்படுகிறது. உடல் ஏடிபியைச் சேமித்து வைப்பதில்லை. செலவானதை உடனுக்குடன் மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு நாளில் ஆக்கிச் செலவழிக்கும் ஏடிபியின் மொத்த எடை, அவருடைய உடல் எடைக்கு அருகில் வரும். ஆகவே உற்பத்தி சில நிமிடங்கள் நின்றாலே செல் நெருக்கடிக்குள்ளாகிறது.

முதல் கட்டம்: கிளைக்காலிசிஸ்

குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளில் சிதைகிறது. இந்தப் பத்து நொதிகளின் பெயர்களும் தேர்வுக்குத் தேவைப்படலாம். பொருள் புரிவதற்கு அவை தேவையில்லை. ஆறு கார்பன் கொண்ட ஒரு குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகப் பிரிகிறது. தொடக்கத்தில் இரண்டு ஏடிபி செலவாகிறது, பின்னர் நான்கு கிடைக்கிறது. நிகர வரவு இரண்டு. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை.

இதே கட்டத்தில் இன்னொரு பொருளும் உருவாகிறது. குளுக்கோஸிலிருந்து பறிக்கப்படும் ஆற்றல் மிக்க எலக்ட்ரான்களை என்ஏடி என்னும் துணைநொதி ஏற்றுக்கொண்டு என்ஏடிஹெச் ஆகிறது. நியாசின் என்னும் பி3 வைட்டமினிலிருந்துதான் உடல் இதை ஆக்குகிறது. என்ஏடியை எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் ஆளாகக் கருதுங்கள். செல்லில் அதன் இருப்பு மிகக் குறைவு. ஆகவே சுமையை எங்காவது இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால்தான் அடுத்த குளுக்கோஸ் சிதைய முடியும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள்

ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கும்போது பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. அங்கே ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக இழந்து, அசிட்டைல் கோ-என்சைம் ஏ ஆக மாறுகிறது. இந்த வாசலைத் திறக்கும் பைருவேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதித் தொகுதிக்குத் தயமின், அதாவது பி1 வைட்டமின், கட்டாயம் வேண்டும். நெடுங்காலம் மது அருந்தி ஊட்டம் குன்றிய நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் மறவாமல் தரச் சொல்வதற்குக் காரணம் இதுவே. தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை மட்டும் கூட்டினால், ஏற்கெனவே தட்டுப்பாட்டில் உள்ள அந்த வைட்டமின் மேலும் வேகமாகச் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்.

அசிட்டைல் கோ-என்சைம் ஏ அடுத்து கிரெப்ஸ் சுழற்சியில் சேர்கிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய இந்தச் சுழற்சி, ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு முறை சுற்றுகிறது. மீதமிருந்த நான்கு கார்பன்களும் இங்கே கார்பன் டை ஆக்சைடாகி வெளியேறுகின்றன. நாம் வெளிவிடும் மூச்சில் கலந்திருப்பது இதுதான். நேரடியாகக் கிடைக்கும் ஏடிபி இரண்டு மட்டுமே என்பது முதலில் ஏமாற்றமாகத் தோன்றும். உண்மையான வரவு, எலக்ட்ரான்களை ஏற்றிக்கொண்ட ஆறு என்ஏடிஹெச் மூலக்கூறுகளும், அதே வேலையைச் செய்யும் எஃப்ஏடிஹெச்2 மூலக்கூறுகள் இரண்டும்தான். முந்தைய கட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் பத்து என்ஏடிஹெச் கைவசம் இருக்கின்றன. குளுக்கோஸின் ஆற்றலில் பெரும்பகுதி இப்போது இவற்றின் எலக்ட்ரான்களில் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி என்னும் புரதத் தொகுதிகள் பதிந்துள்ளன. என்ஏடிஹெச் தன் எலக்ட்ரான்களை முதல் தொகுதியில் இறக்கிவிடுகிறது. அவை ஒரு தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு முறையும் ஆற்றலில் சற்றே தாழ்ந்த நிலைக்கு இறங்குகின்றன. அப்படி இறங்கும்போது விடுபடும் ஆற்றலைக் கொண்டு ஹைட்ரஜன் அயனிகள் உட்சவ்வின் மறுபுறத்துக்குத் தள்ளப்படுகின்றன. மேட்டுத் தொட்டியில் ஏற்றிய நீரைப் போல அவை அங்கே தேங்கி, திரும்பி வர அழுத்தம் கொடுக்கின்றன. அவை திரும்ப வசதியான வழி, ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதி. அயனிகள் அதன் வழியாகப் பாயும்போது அதன் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் விசையால் அடினோசின் டை பாஸ்பேட்டுடன் பாஸ்பேட் இணைந்து ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்சிஜன் வருவது இங்கேதான். சங்கிலியின் கடைசித் தொகுதிக்கு வந்துசேரும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு, ஹைட்ரஜன் அயனிகளுடன் சேர்ந்து அது நீராகிறது. இத்தனை நீண்ட பாதையில் ஆக்சிஜன் நேரடியாகப் பங்கேற்பது இந்த ஓரிடத்தில்தான். ஆனால் அந்த இடம் அடைபட்டால் பின்னால் நிற்கும் எல்லாம் தேங்கிவிடும்: எலக்ட்ரான்கள் நகராது, அயனிகள் ஏறாது, என்ஏடிஹெச் தன் சுமையை இறக்க முடியாது, வெறும் கையுடன் திரும்பிவர என்ஏடி இல்லாததால் கிரெப்ஸ் சுழற்சியும் நின்றுவிடும். சயனைடு நஞ்சு இந்தக் கடைசித் தொகுதியையே முடக்குகிறது. அதனால்தான் சயனைடு உட்கொண்டவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் சாகின்றன. பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பார்த்தால், ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 32 ஏடிபி கிடைக்கிறது. பழைய நூல்களில் 36 அல்லது 38 என்று காண்பீர்கள். ஒவ்வொரு என்ஏடிஹெச்சுக்கும் மூன்று ஏடிபி என்று அப்போது கணக்கிட்டார்கள், இப்போது ஏறத்தாழ இரண்டரை என்று கொள்கிறோம். மொத்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏடிபியாகிறது. மீதி வெப்பமாகிறது, நம் உடலின் சூடு பெரும்பாலும் இப்படி வருவதே.

ஆக்சிஜன் குறையும்போது

ஆக்சிஜன் எட்டாத செல் உடனே கைவிட்டுவிடுவதில்லை. பைருவேட் தானே என்ஏடிஹெச்சின் சுமையை வாங்கிக்கொண்டு லாக்டேட் ஆகிறது. அதனால் என்ஏடி விடுபட்டு, கிளைக்காலிசிஸ் தொடர்ந்து நடக்கிறது. லாக்டேட் உருவாவதை வெறும் கழிவு என்று எண்ணாதீர்கள். அது செல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக்கும், இதயத் தசை அதையே எரிபொருளாகவும் கொள்ளும். ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டே ஏடிபி கிடைக்கும் இந்த வழியில் மூளையால் நெடுநேரம் தாங்க முடியாது. அதிர்ச்சி நிலையிலும் கடும் நோய்த்தொற்றிலும் ரத்த லாக்டேட்டை அளப்பது இதற்காகத்தான்: லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் ஏறினால் கவனம் தேவை, 4-ஐ எட்டினால் நிலைமை கடுமையானது என்று கருதப்படுகிறது. கல்லீரல் செயலிழப்பு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் லாக்டேட் உயரும் என்பதால், நோயாளியின் மற்ற அறிகுறிகளுடன் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

ரத்தச் சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. ஆக்சிஜனைச் சுமந்து திரியும் அவை, அதில் சிறிதும் தமக்கெனப் பயன்படுத்தாமல் முழுக்க முழுக்கக் கிளைக்காலிசிஸை நம்பியே வாழ்கின்றன. நீங்கள் ஊசியில் எடுத்த ரத்தம் குழாய்க்குள் சென்ற பின்னும் இந்த வேலை நிற்பதில்லை: சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தொடர்ந்து உட்கொண்டு லாக்டேட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் ரத்தத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், சர்க்கரை அளவு உண்மையைவிடக் குறைவாகவும் லாக்டேட் அளவு கூடுதலாகவும் வரும். குளுக்கோஸ் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடியிட்ட குழாயைக் கேட்பதற்கும் காரணம் இதுவே. அதிலுள்ள சோடியம் புளோரைடு, கிளைக்காலிசிஸின் பத்து நொதிகளில் ஒன்றான ஈனோலேஸைத் தடுக்கிறது. தடை முழுமையாக விழச் சிறிது நேரம் பிடிக்குமாதலால், அந்தக் குழாயையும் மெல்லத் தலைகீழாகத் திருப்பிக் கலக்கித் தாமதமின்றி அனுப்புங்கள்.