ஸ்டெப்னி

போடிமெட்டு தாண்டி பூப்பாறைக்கு இறங்கும் வழியில், ஏலத்தோட்டத்து வளைவு ஒன்றில் பின்சக்கரம் பஞ்சரானது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பதறவில்லை. முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார், நட்டுகளைத் தளர்த்தினார், ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். அப்புறம்தான் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தார். கட்டைவிரலை வைத்ததும் அமுங்கியது. செல்போனில் சிக்னலும் இல்லை.

போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வந்த ஜீப் தானாகவே நின்றது.

"என்னங்கய்யா, ஸ்டெப்னியும் போச்சா?"

டிரைவர் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தான். குமிழ் ஒன்று மெல்ல ஊதிப் பெருத்து உடைந்தது.

"டயர் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஊசி லூசு. அதான் சும்மா கெடந்தே எறங்கிருச்சு."

சின்னச் சாவியால் ஊசியை முடுக்கிவிட்டு, மிதிபம்பை எடுத்தான். அவன் கால் ஓய்ந்தபோது ஓர் அம்மா இறங்கி வந்து மிதித்தார்.

"லேட்டாப் போனா கூலியைப் பிடிப்பாங்களேம்மா" என்றார் வாத்தியார், உண்மையான கவலையோடு.

"அதை நாங்க பாத்துக்கிறோம் சார். இந்தக் காட்டுல உங்களை விட்டுட்டுப் போகவா?"

சக்கரம் ஏறியது. வாத்தியார் நீட்டிய பணத்தை டிரைவர் வாங்கவில்லை.

"பூப்பாறையில முதல்ல பஞ்சர் ஒட்டிருங்க. ரெண்டுலயும் காத்துப் பாக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மூணாறுக்குப் போங்க."

"சரி தம்பி" என்றார் வாத்தியார்.