எடை தெரிந்த வண்டி

(ராயபுரம் கல்மண்டபம் ஆட்டோ ஸ்டாண்டில் ஆயுத பூஜை இரவில் பாட. டோலக் தாளம். வசனம் வரும்போது தாளம் நிற்கும்.)

பல்லவி

மூன்று சக்கரம் ஒரு கண்ணாடி, முன்னே ரோடு ஓடுது
முதுகுப் பக்கம் ஊரே வந்து ஏறி இறங்கிப் போகுது
ஏறும்போதே அமுங்கும் வண்டி, யாரு என்று சொல்லுது
இரண்டு கையும் ஹேண்டில்பாரில் எடையை எல்லாம் அறியுது

சரணம் 1

நாலரைக்கே எழுந்து வந்து நனைந்த சீட்டைத் துடைத்தேன்
நம்ம முருகன் படத்துக்கு முன் ஊதுபத்தி வைத்தேன்
லீவர் இழுத்தேன் மூன்று தடவை, இருமி இஞ்சின் பிடித்தது
லேசாய் ஆக்சிலேட்டர் முறுக்கிவிட்டேன், தெரு நாய் தூக்கம் கலைந்தது

கோயம்பேட்டில் பூக்கார அக்கா, கோணி மூட்டை ரெண்டு
"குலுக்காமல் போ தம்பி" என்றார் கூடை மடியில் கொண்டு
பின்னால் பாரம் ஏற ஏற முன் சக்கரம் லேசாகும்
பிடியைக் கொஞ்சம் தளரவிட்டால் வண்டி வேறு பக்கம் போகும்

முதல் போணி, மடித்த நோட்டு, ஈரம் காயவில்லை
முகர்ந்து பார்த்தேன் மல்லி வாசம், பிரிக்க மனசு வரவில்லை

(பல்லவி)

சரணம் 2

எட்டு மணிக்குப் பள்ளிச் சவாரி, ஐந்து பிள்ளை ஏறணும்
கட்டிவிட்ட பைகள் எல்லாம் கம்பி ஓரம் ஆடணும்
யார் முன்னாடி, யார் ஓரத்தில், தினமும் அதே சண்டை
யாருக்கோ இன்று லெமன் சாதம், வண்டி முழுக்க மணம்

சின்னவளுக்கு ஜுரமாம் இன்று, அம்மா வாசலில் சொன்னாங்க
நாலு பேரும் அவள் இடத்தை விட்டுவிட்டே உட்கார்ந்தாங்க
பஞ்சு போல இருக்கிற பிள்ளை, பதினைந்து கிலோ இல்லை
பாலத்தடியில் வளையும்போது தெரியுது அவள் இல்லை

வசனம்

மீட்டரா? இருக்கு சார், பாருங்க. 2013-ல முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய்னு போட்டாங்க. அன்னைக்கு என் பொண்ணு ரெண்டாம் கிளாஸ், இப்போ காலேஜ் போறா. கேஸும் டயரும் எஃப்.சி. செலவும் அவளோட சேர்ந்தே வளர்ந்துச்சு சார். நான் வாய் திறந்து ஒரு ரேட்டு கேட்கும்போது, எனக்குள்ள எவ்வளவு கூசும்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்காகத்தான் சொல்றேன். உட்காருங்க, போலாம்.

சரணம் 3

பன்னிரண்டு மணி வெயிலில் ஸ்டாண்டில் நாலாம் வண்டி நான்
பின் சீட்டில் கால் மடக்கிப் பேப்பர் மூடிப் படுத்தேன் நான்
சென்ட்ரல் வரைக்கும் ஒரு சவாரி, ரிட்டன் காலி ஆனது
செல்போன் பார்த்தேன், சிக்னல் பார்த்தேன், சாயங்காலம் போனது

ஆளில்லாமல் திரும்பும்போது யார் பின்னாடி குந்தியது?
ஐந்தாம் தேதி கட்டும் டியூ, அதுதான் கூட வந்தது

(பல்லவி)

சரணம் 4
(தாளம் மெதுவாக)

பத்தரை மணி, வீட்டைப் பார்த்துத் திருப்பிவிட்டேன் வண்டியை
காசிமேட்டு முனையில் ஒருவன் மடித்துக் கட்டிய லுங்கியில்
"அண்ணே, அண்ணே!" என்று கத்திக் குறுக்கே ஓடி வந்துவிட்டான்
அடுத்த தெருவில் வலி கண்டவளை அம்மா தாங்கி நின்றாங்க

பின்னால் எழுதி ஓட்டுகிறேனே, "பிரசவத்துக்கு இலவசம்"
பெயிண்ட் அடித்து நாலு வருஷம், இன்றுதானே என் வசம்
அவள் ஏறினாள், வண்டி அமுங்கியது, இப்படி எடை கண்டதில்லை
ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேர், அதில் சந்தேகமே இல்லை

பள்ளம் எங்கே, மேடு எங்கே, பகலில் பழகி வைத்த வழி
பார்த்துப் பார்த்து உருட்டிச் சென்றேன், எனக்கும் வந்தது அந்த வலி
"மெதுவாப் போப்பா", "சீக்கிரம் போப்பா", அம்மா வாயில் ரெண்டும் வரும்
வேப்பிலை போல நடுங்கும் கையில் அவள் புருஷன் போனும் நழுவி விழும்

முதல் கியரு, ரெண்டாம் கியரு, மூன்றாவது போடவில்லை
முதுகுச் சட்டையைப் பிடித்த கை ஆஸ்பத்திரி வரை விடவில்லை

(தாளம் நிற்கும். பேச்சாக.)

அவளை உள்ளே கூட்டிப் போனாங்க. அவன் திரும்பி வந்து நோட்டை நீட்டினான். "வண்டிக்குப் பின்னாடி படிச்சுப் பார் தம்பி"ன்னேன். படிச்சான். அங்கேயே உட்கார்ந்து அழுதான். நான் கிளம்பியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்துட்டு கேட் பக்கத்துலயே நின்னேன்.

(தாளம் மறுபடி, வேகமாக)

ஒன்றரைக்கு ஓடி வந்தான், செருப்பு ஒன்று காலில் இல்லை
"பொண்ணு அண்ணே, பொண்ணு!" என்றான், பேச்சு அதற்கு மேல் இல்லை
"எடை என்னப்பா?" நான்தான் கேட்டேன், என் கை கேட்ட கேள்வி அது
"ரெண்டு கிலோ எண்ணூறு" என்றான்.

ரெண்டு கிலோ எண்ணூறு!
ரெண்டு கிலோ எண்ணூறு!